பில்லின் அடியில் வந்த நாலு வீதம்

2022 ஏப்ரல் 7ஆம் திகதி காலை பத்து மணியிருக்கும். கொழும்பிலிருந்து வந்த லொறி திருகோணமலைப் பக்கத்திலுள்ள எங்கள் ஹாட்வெயார் கடை வாசலில் நின்றது. தண்ணீர்த் தாங்கி ஆறு, பி.வி.சி. குழாய்க் கட்டுகள், பித்தளை டெப் இரண்டு பெட்டி. பையன்கள் இறக்கிக்கொண்டிருக்க நான் பில்லை வாங்கிப் பார்த்தேன். பொருட்களின் பெறுமதி 4,12,000 ரூபாய். அதற்குக் கீழே ஒரு வரி: எரிபொருள் மேலதிகக் கட்டணம் 4 வீதம், 16,480 ரூபாய். அதற்கும் சேர்த்து அப்போதைய 8 வீத வற் வரி போட்டிருந்தார்கள்.

இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடர் எடுக்க வந்த ரெப் சொல்லவில்லை, கடிதம் வரவில்லை, வாட்ஸ்அப்பில்கூட ஒன்றும் வரவில்லை. லொறிச் சாரதியிடம் கேட்டேன். "ஐயா, எனக்கு பில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. டீசல் வரிசையில் இரவு முழுக்க நின்று வந்த மனிதர்.

பழைய பில்களை எடுத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. மார்ச் 18, மார்ச் 28 பில்கள் இரண்டிலும் அதே வரி இருந்திருக்கிறது. ஒன்றில் 9,200, மற்றதில் 6,760. இரண்டுக்கும் முப்பது நாள் பின்திகதியிட்ட செக் எழுதிக் கொடுத்தவன் நானேதான். பில்லின் கடைசித் தொகையைப் பார்த்து செக் எழுதுகிற பழக்கம் எனக்கு. பொருள் எண்ணிக்கையை மூன்று தடவை சரிபார்ப்பேன், அடியில் உள்ள கூட்டல்களைப் பார்க்க மாட்டேன். பதினைந்து வருட வியாபாரத்தில் அந்தக் கம்பனியின் பில்லில் பொருள், கழிவு, வரி இந்த மூன்றையும் தவிர வேறு வரி வந்ததே இல்லை, அதுதான் காரணம்.

அன்று நான் செய்த ஒரு நல்ல காரியம், பொருளைத் திருப்பி அனுப்பாதது. கோபத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஓடர் நான் கொடுத்தது, பொருளிலும் குறையில்லை. திருப்பி அனுப்பியிருந்தால் ஒப்பந்தத்தை மீறியவன் நானாகியிருப்பேன். பொருளை எடுத்துக்கொண்டு, விநியோகச் சீட்டிலும் அவர்களுடைய பில் பிரதியிலும் கையெழுத்துக்கு மேலே இப்படி எழுதினேன்: "பொருட்கள் கிடைத்தன. எரிபொருள் மேலதிகக் கட்டணம் 16,480 ரூபாய்க்கு முன்னறிவித்தலும் இல்லை, இணக்கமும் இல்லை, ஏற்கப்படவில்லை." இரண்டையும் போனில் படம் எடுத்தேன். பின்னால் அந்தப் படம்தான் பேசியது. வெறும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், "நீங்கள் ஏற்றுக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்று முதல் பேச்சிலேயே என் வாயை அடைத்திருப்பார்கள்.

மாலையில் ரெப்பை அழைத்தேன். கிண்ணியாத் தம்பி, நல்ல பிள்ளை. "அண்ணன், டீசல் விலை கூடினது உங்களுக்கும் தெரியும்தானே. கம்பனி எல்லாருக்கும் போடுது. நான் என்ன செய்ய?" என்றான். டீசல் கூடியது உண்மைதான். மார்ச் 12இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஒட்டோ டீசலை 121இலிருந்து 176 ரூபாயாக உயர்த்தியிருந்தது. அந்த விலை உயர்வில் யாரும் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் "டீசல் கூடியது" என்பதும் "என் பில்லில் 4 வீதம்" என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதை யாரும் காட்டவில்லை. அன்றிரவு நானே போட்டுப் பார்த்தேன்.

கொழும்புப் பக்கக் களஞ்சியத்திலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக எங்கள் கடைக்குச் சுமார் 265 கிலோமீட்டர். போய் வர 530. அந்த அளவு லொறி சுமையோடு லீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தேன். (லொறி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் ஐந்தரை என்றார், மற்றவர் நாலரை என்றார்.) அப்படியானால் ஒரு பயணத்துக்கு 106 லீட்டர். லீட்டருக்குக் கூடியது 55 ரூபாய். ஆக, முழு லொறிக்கும் ஒரு பயணத்தில் கூடிய டீசல் செலவு 5,830 ரூபாய்.

என்னிடம் மட்டும் கேட்டது 16,480.

அந்த லொறி எனக்காக மட்டும் வரவில்லை. அன்று கந்தளாயில் ஒரு கடைக்கு இறக்கிவிட்டு, எங்களுக்கு இறக்கிவிட்டு, கிண்ணியாவில் இரண்டு கடைகளுக்குப் போனது. தாங்கிகள் இடத்தை அடைத்ததால் லொறியில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் சாமான் என்று தாராளமாகவே வைத்தேன். அப்படி வைத்தாலும் எனக்கு வர வேண்டியது ஏறத்தாழ 1,950 ரூபாய்தான்.

வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாக வந்தது என்பதை யோசித்தபோதுதான் விஷயம் முழுதாகப் பிடிபட்டது. அவர்கள் வீதத்தைப் பொருளின் விலை மேல் போடுகிறார்கள். லொறியோ விலையைச் சுமப்பதில்லை, இடத்தையும் பாரத்தையும் சுமக்கிறது. அன்றைய பில்லில் இரண்டு பெட்டி பித்தளை டெப் 1,86,000 ரூபாய். சாரதியின் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கூடக் கொண்டு வரலாம். அதற்கு மட்டும் மேலதிகக் கட்டணம் 7,440. லொறியின் பெரும்பகுதியை அடைத்த ஆறு தாங்கிகளின் விலை 1,26,000, அதற்கு 5,040. இடத்தை அடைக்காத பொருள் கூடக் கட்டுகிறது, அடைத்த பொருள் குறையக் கட்டுகிறது. அது மட்டுமில்லை. ரூபாயின் பெறுமதி விழுந்து பொருள் விலை வாராவாரம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பொருள் விலை ஏற ஏற, டீசல் ஒரு சதம் கூடாவிட்டாலும் இந்தக் கட்டணம் தானாக ஏறும்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் புலம்பல். எங்கள் கடையிலிருந்து கொஞ்ச நேரம் ஓடினால் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். வெள்ளைக்காரன் கட்டியது, தொண்ணூற்றொன்பது தாங்கி. நாங்கள் அதன் நிழலில் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனிக்கு எரிபொருள் கட்டணம் கட்டுகிறோம். சரி, அதை விடுவோம்.

அடுத்த நாள் கிண்ணியாவில் அதே லொறியில் சாமான் எடுத்த நானாவை அழைத்தேன். "நானா, உங்கட பில்லில எரிபொருளுக்கு ஏதும் போட்டிருக்கா?" அவர் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஓம் தம்பி, மூணு வீதம் போட்டிருக்கான். நான் கவனிக்கவேயில்ல." அதே லொறி, அதே நாள், எங்களைத் தாண்டிப் போக வேண்டிய தூரம். அவருக்கு மூன்று, எனக்கு நாலு. டீசல் கணக்கிலிருந்து வந்த எண்ணாக இருந்தால் இப்படி வராது. யாரோ கணினியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். இதை நான் கம்பனிக்கு எழுதிய கடிதத்தில் போடவில்லை. நானாவின் வியாபாரத்தை என் சண்டையில் இழுக்க மனம் வரவில்லை. ஆனால் பேச்சில் எனக்கு உள்ளூர ஒரு தைரியத்தைத் தந்தது.

இன்னொரு தாள் கிடைத்தது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பலமானது. ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விலைப்பட்டியலை ரெப் முந்திய வாரம் அனுப்பியிருந்தான். எல்லாப் பொருளும் கணிசமாக ஏறியிருந்தது. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில், "விலைகள் கடை வாசல் விநியோகம் உட்பட" என்று இருந்தது. டீசல் 176 ஆன பிறகு போட்ட பட்டியல். அதில் விநியோகச் செலவு உள்ளே இருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதன் மேல் இன்னொரு தடவை டீசலுக்கு 4 வீதம். ஒரே செலவை இரண்டு வாசலால் வாங்குவது என்பார்களே, அதுதான்.

ஏப்ரல் 9இல் மின்னஞ்சல் எழுதினேன். ரெப்புக்கு மட்டும் அனுப்பினால் அவன் போனிலேயே படுத்துவிடும் என்பதால், கம்பனியின் கணக்குப் பிரிவுக்கும் விற்பனை முகாமையாளருக்கும் சேர்த்து அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"உங்கள் ஏப்ரல் 7ஆம் திகதி பில்லில் உள்ள எரிபொருள் மேலதிகக் கட்டணத்துக்கு எங்களிடமிருந்து இணக்கம் பெறப்படவில்லை, முன்னறிவித்தலும் தரப்படவில்லை. உங்கள் விலைப்பட்டியலில் விநியோகம் உட்பட என்று உள்ளது. பொருட்களின் பெறுமதியும் அதற்குரிய வற் வரியுமாக 4,44,960 ரூபாயை உரிய நாளில் செலுத்துவோம். கட்டணமும் அதன் மீதான வரியுமாக 17,798.40 ரூபாய்க்கு கிரெடிட் நோட் தாருங்கள். இனிமேல் இப்படியொரு கட்டணம் தேவைப்பட்டால் கணக்கிடும் முறையை எழுத்தில் தாருங்கள், ஓடருக்கு முன் பேசுவோம்."

வரியையும் சேர்த்துக் கேட்டதைக் கவனியுங்கள். நாங்கள் வற் பதிவில் இல்லாத கடை. கட்டின வரி எங்களுக்குத் திரும்பி வராது, அதுவும் எங்கள் செலவுதான். 16,480 மட்டும் கழித்துத் தந்திருந்தால் 1,318 ரூபாய் அவர்கள் பக்கமே நின்றிருக்கும்.

பணத்தை முழுதாக நிறுத்தி வைக்காததும் யோசித்துச் செய்ததுதான். தெருவில் ஒரு கடைக்காரர் "மொத்தப் பில்லையும் நிறுத்து, ஓடி வருவான்" என்றார். அப்படிச் செய்தால் தகராறு 17,000 ரூபாயைப் பற்றியதாக இருக்காது, நாலரை லட்சம் கடன் கட்டாத கடை என்றாகிவிடும். தகராறில்லாத தொகையை உரிய நாளுக்குக் கட்டிவிட்டால், பேச்சு அந்த ஒரு வரியிலேயே நிற்கும். செக்கின் பின்னால் பில் இலக்கத்தையும், "மேலதிகக் கட்டணம் நீங்கலாக" என்றும் எழுதினேன். செக் பிரதியை மின்னஞ்சலில் இணைத்தேன்.

அப்படியும் ஓடரை நிறுத்தினார்கள். புதுவருஷம் முடிந்து கொடுத்த ஓடர் நகரவே இல்லை. கேட்டால், "அண்ணன், சிஸ்டத்தில உங்கட பேருக்கு சிவப்பு விழுந்திருக்கு" என்றான் தம்பி. பில்லுக்கும் செக்குக்கும் இடையிலுள்ள 17,798 ரூபாயைக் கணினி கடன்பாக்கி என்று காட்டியிருக்கிறது. இது நடக்கும் என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருப்பேன்: தகராறில் உள்ள தொகையை வேறாகக் குறித்து, ஓடரை நிறுத்தாதீர்கள் என்று. ஒரு வாரம் தாங்கி இல்லாமல் இருந்தோம். கட்டட வேலை படுத்துக் கிடந்த காலம், அதனால் தப்பினோம்.

ஏப்ரல் 19இல் டீசல் ஒரேயடியாக 289 ஆனது. அன்று மாலையே விற்பனை முகாமையாளர் அழைத்தார். சிங்களத்தில்தான் பேசினோம். குரலில் ஒரு வெற்றி தெரிந்தது. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது போல. நான் சொன்னேன், "மாத்தயா, கூடினதை நான் கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. எவ்வளவு கூடினது என்று காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்." என் கணக்கை அப்படியே போனில் வாசித்தேன். 106 லீட்டர் என்றதும் அவர் குறுக்கிட்டார். லொறிகள் வரிசையில் இரண்டு நாள் நிற்கின்றன, சாரதிக்கும் உதவியாளுக்கும் அந்த நாட்களுக்கு பட்டா கொடுக்கிறோம், வெளி லொறி பிடித்தால் கூலி இரண்டு மடங்கு, இதெல்லாம் உங்கள் கணக்கில் எங்கே என்றார்.

அது நியாயமான கேள்வி. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கும் பதில் இருந்தது. பட்டாவும் காத்திருப்பும் எரிபொருள் விலை அல்ல, அதற்கு வேறு பெயரில் வேறு வரி போடுங்கள், எத்தனை நாள் நின்றது என்று காட்டுங்கள், நியாயமான பங்கைத் தருகிறேன் என்றேன். எரிபொருள் என்ற பெயரில் எல்லாவற்றையும் போட்டால், நாளைக்கு வரிசை குறைந்தாலும் அந்தச் செலவு வீதத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதி அனுப்புங்கள் என்றார்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று இருக்கிறது. விலை என்பது ஒப்பந்தத்தில் நிர்ணயித்தது, அல்லது ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி நிர்ணயிப்பது, அல்லது இரு தரப்பும் நடந்துகொண்ட வழக்கத்திலிருந்து தெரிவது. இந்த மூன்றாவதுதான் எனக்கு உதைத்தது. இரண்டு பில்லுக்கு முணுமுணுக்காமல் செக் கொடுத்திருக்கிறேன். அதை வழக்கம் என்று அவர்கள் வாதிடலாம். இரண்டு தடவை கவனிக்காமல் கட்டியது வழக்கமாகுமா என்பது வழக்கறிஞர் பேச வேண்டியது, பதினாறாயிரத்துக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் மூன்றாவது பில்லிலேயே எழுத்தில் மறுத்தது அந்தக் கதவை மூடியது. ஐந்தாறு பில் போன பிறகு விழித்திருந்தால் என் பேச்சுக்கு இவ்வளவு பலம் இருந்திருக்காது.

கடைசியில் ஏப்ரல் கடைசி வாரம் முடிவுக்கு வந்தோம். ஏப்ரல் 7 பில்லுக்கு 17,798.40 முழுதாகவும் கிரெடிட் நோட் வந்தது. முதல் இரண்டு பில்லின் கட்டணத்தையும் திருப்பித் தர மறுத்தார்கள். ஒன்றின் செக் ஏற்கெனவே வங்கிக்குப் போய்விட்டது, மற்றது ஒரு சில நாளில் போக இருந்தது. நான் விட்டுக்கொடுத்தேன். இனிமேலுக்கு ஒரு முறை எழுதினோம்: விலைப்பட்டியல் போட்ட நாளின் டீசல் விலை அடிப்படை, அன்று 176. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு ரூபாயும் 106 லீட்டரால் பெருக்கி, அதில் லொறியில் எங்கள் பங்குக்குரியதை மட்டும் கணக்கிடுவது. பங்கு கொழும்பில் ஏற்றும்போதே சீட்டில் எழுதப்படும். விலை என்பது கூட்டுத்தாபனத்தின் விலை என்றும் எழுதச் சொன்னேன். அந்த நாட்களில் இரண்டு எண்ணெய்க் கம்பனிகளும் வெவ்வேறு விலையில் விற்றதுண்டு. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் கூடிய விலையைத்தான் காட்டுவார்கள்.

இதை வெற்றி என்று நினைத்தவனுக்கு மே, ஜூன் மாதங்கள் நல்ல பாடம். 289க்கு எங்கள் பங்கு ஒரு பயணத்துக்கு 4,000 ரூபாய் அளவில் வந்தது. மே 24இல் 400, ஜூன் 26இல் 460. அந்த விலையில் பயணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். என் பில் இரண்டரை லட்சமாகச் சுருங்கியிருந்தது, 4 வீதம் போட்டிருந்தாலும் ஏறத்தாழ அதே தொகைதான் வந்திருக்கும்! தம்பி ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டான், "அண்ணன், பழையபடி நாலு வீதத்துக்குப் போவமா?" போகவில்லை. பத்து நாளுக்கு ஒரு ஓடரை இருபது நாளுக்கு ஒன்றாக்கினோம், கிண்ணியா நானாவின் ஓடரோடு ஒரே நாளில் வரச் செய்தோம். முறை தெரிந்திருந்ததால்தான் எதைக் குறைத்தால் கட்டணம் குறையும் என்று தெரிந்தது. வீதத்தில் அப்படிச் செய்ய வழியே இல்லை.

ஒரு ஓட்டையை மட்டும் நான் அடைக்காமல் விட்டேன். டீசல் 430 ஆக இருந்தபோது புதிய விலைப்பட்டியல் வந்தது, அடிப்படையும் 430 ஆனது. பிறகு 2023 மார்ச் 29இல் டீசல் 325க்கு இறங்கியது. அடிப்படையைவிட 105 ரூபாய் குறைவு. அதே கணக்கைப் போட்டால் பயணத்துக்கு 3,700 ரூபாய் எனக்குத் திரும்பி வர வேண்டும். நாங்கள் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். "கூடும் ஒவ்வொரு ரூபாயும்" என்று மட்டும் இருந்தது. குறைந்தால் என்ன என்று ஒரு சொல்லும் இல்லை. முகாமையாளரிடம் கேட்டேன். "நீங்கள்தானே எழுதினீர்கள்" என்றார். மறு பேச்சு இல்லை.

இப்போது எங்கள் ஓடர் படிவத்தின் அடியில் இரண்டு வரி அச்சடித்திருக்கிறோம். இந்த ஓடரில் இல்லாத எந்தக் கட்டணமும் எங்கள் எழுத்துச் சம்மதமின்றிச் சேராது. எரிபொருள் விலை அடிப்படைக்கு மேலே போனால் கூட்டுவது போல, கீழே வந்தால் கழிக்கவும் வேண்டும். பில் வந்ததும் அடிப்பக்கத்தை முதலில் வாசிக்கிற வேலையை என் மகளிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் ஒரு பில்லில் "கையாளல் கட்டணம்" என்று 650 ரூபாயைப் பிடித்துவிட்டு, "அப்பா, இது என்ன?" என்று கேட்டாள். தம்பிக்குப் போன் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.